எக்ஸ்ரேயில் பல் நன்றாக இருக்கிறது, வலி மட்டும் நிற்கவில்லை: பல்லா, சைனஸா, நரம்பா என்று பிரித்தறிவது எப்படி?

மேல்தாடையின் பின்பக்கத்தில் வலி. பல் மருத்துவர் பார்த்தார், தட்டினார், எக்ஸ்ரே எடுத்தார், "பல்லில் ஒன்றும் தெரியவில்லை" என்றார். வலி அப்படியே இருக்கிறது. இந்த இடத்தில்தான் பலர் நல்ல பல்லை இழக்கிறார்கள். வலி தாங்காமல் இன்னொரு மருத்துவரிடம் போய் "எப்படியாவது இதைப் பிடுங்கிவிடுங்கள்" என்று கேட்பார்கள். பல் போகும், சில நாள் நிம்மதி கிடைக்கும், பிறகு பக்கத்துப் பல்லில் அதே வலி வரும்.

பல்வலியைப் போலவே வேஷம் போடும் நோய்கள் பல உண்டு. மேல்தாடையில் அவற்றில் முக்கியமானவை இரண்டு: கன்னத்துச் சைனஸில் வரும் தொற்று, முக நரம்பில் வரும் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா. இந்த வழிகாட்டியை மேல் பின்பற்களின் வலியோடு நிறுத்திக்கொள்கிறேன். பல், சைனஸ், நரம்பு மூன்றும் ஒரே இடத்தில் மோதிக்கொள்வது அங்கேதான்.

ஏன் குழப்பம் வருகிறது

முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோவது ட்ரைஜெமினல் நரம்பு. முகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் அதற்கு மூன்று கிளைகள். நெற்றிக்கும் கண்ணுக்கும் ஒன்று, கன்னத்துக்கும் மேல்தாடைக்கும் ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று. மேல் பற்கள், கன்னத் தோல், மூக்கின் பக்கவாட்டு, மேலுதடு, கன்னத்து எலும்புக்குள் காற்று நிறைந்த அறையான சைனஸ் ஆகிய எல்லாவற்றின் செய்தியும் நடுக்கிளை வழியாகவே போகிறது. செய்தி எங்கிருந்து கிளம்பியது என்பதில் மூளை தடுமாறுகிறது. பெரும்பாலும் பல்லைக் காட்டிவிடுகிறது.

சைனஸுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மேல் கடைவாய்ப் பற்களின் வேர் நுனிகள் சைனஸின் தரையை ஒட்டி நிற்கின்றன. சிலருக்கு நடுவே மெல்லிய எலும்புத் தகடுதான் இருக்கும். சைனஸ் சவ்வு வீங்கினால் அந்த வேர்களுக்குப் போகும் நரம்பிழைகளும் எரிச்சல் அடைகின்றன.

முதல் படி: "பல்லில் ஒன்றுமில்லை" என்பது உறுதியா?

நரம்பையும் சைனஸையும் தேடப் போவதற்கு முன் இதை முடித்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் பல்லும் சுத்தம் என்று அர்த்தமில்லை. வேர் நுனியில் எலும்பு கணிசமாகக் கரைந்த பிறகே சாதாரண எக்ஸ்ரேயில் கறுப்பு நிழல் விழும். பல்லின் உள்ளே இருக்கும் கூழ் அழன்றிருக்கும் ஆரம்பக் கட்டத்தில் படத்தில் எதுவும் தெரியாது. பல்லில் மயிரிழை விரிசல் இருந்தாலும் பெரும்பாலும் தெரியாது. பழைய உறைக்கு அடியில் இருக்கும் சொத்தையை உறையின் உலோகமே மறைத்துவிடும்.

அதனால் மருத்துவரிடம் இவற்றைப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். ஒவ்வொரு பல்லிலும் குளிர்ச்சியை வைத்துப் பார்த்தார்களா? நல்ல பல்லில் குளிர் பட்டதும் கூச்சம் வந்து சில நொடியில் போய்விடும். கூழ் கெட்ட பல்லில் குளிரை எடுத்த பிறகும் வலி அரை நிமிடம், அதற்கு மேலும் நின்று குடைந்தெடுக்கும். கூழ் செத்த பல்லில் உணர்ச்சியே இருக்காது. அடுத்து, கடிப்புச் சோதனை. ஒவ்வொரு முகட்டின் மேலும் தனித்தனியாகக் கடிக்கச் சொல்ல வேண்டும். கடிக்கும்போது வலிக்காமல், கடியை விடும்போது சுருக்கென்று குத்தினால் விரிசல்தான் முதல் சந்தேகம். மூன்றாவது, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய அளவுகோலை விட்டுப் பார்ப்பது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் அது ஆழமாக இறங்கினால் விரிசல் வேர்வரை போயிருக்கலாம்.

பல் கூழிலிருந்து வரும் வலிக்கு ஒரு ஒழுங்கு உண்டு. தூண்டினால் வரும், மறுபடி தூண்டினால் மறுபடியும் வரும். ராத்திரியில் எழுப்பும். படுத்தால் கூடும். சூட்டில் பொறுக்க முடியாமல் போய்க் குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்திருந்தால் மட்டும் தணியும் கட்டம் ஒன்றும் உண்டு. அந்த நிலையில் உள்ளவர்கள் தண்ணீர் பாட்டிலோடுதான் வருவார்கள். மேல் பல்லில் கோளாறு இருந்து கீழ்த்தாடையில் வலி தெரிவதும், அதற்கு நேர்மாறாக நடப்பதும் சகஜம். ஆனால் முகத்தின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கத்துக்கு அது போகாது.

இந்தச் சோதனைகள் எல்லாம் செய்து, ஒரு பல்லையும் குற்றம் சொல்ல முடியவில்லை என்றால் அடுத்த படிக்கு வரலாம்.

இரண்டாம் படி: மாத்திரை போடுவதற்கு முன் வலியை எழுதி வையுங்கள்

ஒரு வாரத்துக்கு ஒரு சின்ன நோட்டு போதும். வலி வந்த நேரம், எது செய்தபோது வந்தது, எத்தனை நேரம் இருந்தது, எந்த மாதிரி வலி, என்ன செய்ததும் தணிந்தது. இவ்வளவுதான். நம்மில் பலரும் மருத்துவரிடம் போனதும் "ரொம்ப வலிக்குது டாக்டர்" என்று அளவை மட்டும் சொல்கிறோம். வலியின் அளவு இங்கே உதவாது, மூன்றும் கடுமையாகவே வலிக்கும். உதவுவது வலியின் நடத்தை.

நேரத்தைக் கவனமாக எழுதுங்கள். "நாள் முழுக்க வலி" என்று சொல்பவரிடம் உட்கார்ந்து விசாரித்தால், இரண்டு நொடி வலி ஒரு நாளில் ஐம்பது தடவை வந்ததைத்தான் அப்படிச் சொல்லியிருப்பார். விடாமல் நிற்கும் பாரத்துக்கும் விட்டுவிட்டு அடிக்கும் மின்னலுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த விஷயத்தில் முக்கியம்.

சொற்களையும் அப்படியே எழுதுங்கள். "கரண்ட் அடிச்ச மாதிரி", "ஊசியால் குத்தின மாதிரி", "சுரீர்னு" என்றால் நரம்பை நோக்கிப் பார்க்கலாம். "பாரமா இருக்கு", "கன்னத்துக்குள்ள அழுத்துது", "பல்லெல்லாம் நீளமாயிட்ட மாதிரி இருக்கு" என்றால் சைனஸை நோக்கி. "விண்விண்ணென்று தெறிக்குது", "குடையுது" என்பவை பல் கூழ் அழன்றவர்கள் வழக்கமாகச் சொல்பவை.

மூன்றாம் படி: வீட்டில் செய்து பார்க்கக்கூடியவை

இந்தச் சோதனைகளால் நோயை முடிவு செய்ய முடியாது. எந்தப் பக்கம் தேடுவது என்று காட்டும்.

நாற்காலியில் உட்கார்ந்து தலையை முழங்கால் பக்கம் தாழ்த்தி அரை நிமிடம் அப்படியே இருங்கள். கன்னத்தில் பாரம் இறங்கி, பல் வலி கூடினால் சைனஸ் சந்தேகம் வலுக்கிறது. அடுத்து நின்றுகொண்டு, குதிகாலைத் தூக்கி சட்டென்று தரையில் இறக்குங்கள். அந்த அதிர்வு மேல் பற்கள் எல்லாவற்றிலும் மந்தமாக உறைத்தாலும் அதே பொருள். மாடிப்படி இறங்கும்போது பல் வலிக்கிறது என்று சிலர் சொல்வதும் இதைத்தான். அழன்ற வேர் நுனி உள்ள பல்லும் அதிர்வில் வலிக்கலாம், ஆனால் அப்போது விரல் வைத்து ஒரு பல்லைக் காட்ட முடியும்.

அப்புறம் தொடு சோதனை. கொஞ்சம் பஞ்சைத் திரியாக முறுக்கி, மூக்கின் பக்கவாட்டில், மூக்குத்தி போடும் இடத்தைச் சுற்றி, மேலுதட்டின் ஓரத்தில், கன்னத்தில் மெதுவாகத் தடவிப் பாருங்கள். பல்லைத் தொடவே வேண்டாம். இந்த மெல்லிய தொடுகையிலேயே பல்லில் சுரீரென்று மின்னல் பாய்ந்தால், குற்றவாளி பல்லாக இருப்பது மிக அரிது. கெட்டுப்போன பல், கன்னத்தில் பஞ்சு படுவதைப் பொருட்படுத்தாது. அந்த அடி அடங்கியதும் அதே இடத்தை உடனே மறுபடி தொட்டால் பலருக்குக் கொஞ்ச நேரம் வலி வராது. தூண்டப்பட்ட நரம்பு சில நொடிகள், சில சமயம் சில நிமிடங்கள் ஓய்வெடுக்கிறது. பல் வலியில் இந்த ஓய்வு கிடையாது.

வலி ஏற்கெனவே பயங்கரமாக இருப்பவர்கள் தொடு சோதனையைத் தாங்களாகச் செய்ய வேண்டாம். முகம் கழுவும்போதும் பல் தேய்க்கும்போதும் என்ன நடக்கிறது என்பதை நினைவுபடுத்தி எழுதினாலே போதும்.

நான்காம் படி: சைனஸ் பக்கம் சாய்ந்தால்

சைனஸ் வலிக்கு ஒரு முன்கதை இருக்கும். சளி பிடித்திருக்கும், மூக்கடைப்பு இருந்திருக்கும், அது சரியாகிக்கொண்டிருக்கும்போது கன்னமும் மேல் பற்களும் வலிக்கத் தொடங்கும். மூக்கிலிருந்தோ தொண்டைக்குள்ளோ கெட்டியான சளி இறங்கும், வாசனை தெரிவது குறையும். முக்கியமான அடையாளம், ஒரு பல் மட்டும் வலிக்காது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்று கடைவாய்ப் பற்கள், தட்டினால் எல்லாம் ஒரே மாதிரி மந்தமாக வலிக்கும். ஆனால் குளிர்ச் சோதனையில் அந்தப் பற்கள் எல்லாம் இயல்பாகப் பதில் சொல்லும். தட்டினால் வலி, குளிருக்கு இயல்பு, ஒன்றுக்கு மேற்பட்ட பற்கள்: இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் சைனஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சளியோடு வரும் சைனஸ் அழற்சியில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. அவற்றுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. 7 முதல் 10 நாளில் தானே குறையத் தொடங்கும். அதுவரை உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுவதும் பாரசிட்டமாலும் போதும். ஒரு டம்ளர், அதாவது சுமார் 240 மில்லி, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் போட்டால் கழுவும் நீர் தயார். குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் மூக்குக்குள் விடக்கூடாது. அபூர்வமாக அதில் இருக்கும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போய் உயிரைப் பறிக்கும். மூக்கடைப்புக்கான சொட்டு மருந்தையும் ஐந்து நாளுக்கு மேல் விட வேண்டாம், நிறுத்தியதும் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும்.

பாக்டீரியா சேர்ந்துவிட்டது என்று சந்தேகிப்பது மூன்று சூழ்நிலைகளில். 10 நாள் கடந்தும் கொஞ்சமும் குறையவில்லை. சற்றுக் குறைந்த பிறகு மறுபடி காய்ச்சலும் வலியும் ஏறுகின்றன. அல்லது தொடக்கத்திலிருந்தே 39 டிகிரி செல்சியஸ், அதாவது 102 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சலும் சீழ் போன்ற சளியும் மூன்று நான்கு நாள் தொடர்கின்றன. அப்போது காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஸ்கேன் பற்றி ஓர் எச்சரிக்கை. சாதாரணச் சளி பிடித்திருக்கும்போது சி.டி. எடுத்தால் யாருக்கும் சைனஸ் சவ்வு தடித்துத் தெரியலாம். "ஸ்கேனில் சைனஸ் இருக்கு" என்ற ஒரு வரியை வைத்து பல நாள் வலிக்குக் காரணம் கண்டுவிட்டதாக நினைக்கக் கூடாது. முன்கதையும் பற்களின் நடத்தையும் ஒத்துப்போக வேண்டும்.

நேர்மாறான சிக்கலும் உண்டு, இது அடிக்கடி தவறிப்போகிறது. சைனஸ் பல்லை வலிக்கச் செய்வது ஒன்று, பல்லே சைனஸைக் கெடுப்பது இன்னொன்று. வேர் நுனியில் இருக்கும் தொற்று மேலே ஏறி சைனஸுக்குள் போய்விடும். அதற்கு அடையாளம் ஒரே பக்கத்து மூக்கு மட்டும் ஒழுகுவது, அந்தச் சளியில் துர்நாற்றம் அடிப்பது, ஆன்டிபயாடிக் நின்றதும் திரும்பத் திரும்ப வருவது. மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் சாதாரண எக்ஸ்ரேயில் சைனஸின் நிழலோடு கலந்துவிடுவதால் அந்தத் தொற்று மறைந்துவிடும். ஒரு பக்கத்துச் சைனஸ் மட்டும் கெட்டிருந்தால், பற்களுக்கென்றே எடுக்கும் முப்பரிமாண சி.டி., அதாவது சி.பி.சி.டி. எடுக்கும்படி பல் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஐந்தாம் படி: நரம்பின் பக்கம் சாய்ந்தால்

ட்ரைஜெமினல் நியூரால்ஜியா பெரும்பாலும் 50 வயதைக் கடந்தவர்களுக்கு வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் அதிகம். ஒரு நொடியில் ஒரு பங்கிலிருந்து அதிகபட்சம் இரண்டு நிமிடம் வரை ஓர் அடி நீடிக்கும். மின்சாரம் பாய்வது போல வந்து, சட்டென்று நின்றுவிடும். இரண்டு அடிகளுக்கு நடுவே பலருக்கு எந்த வலியும் இருக்காது. முகம் கழுவுவது, பொட்டு வைப்பது, சவரம் செய்வது, பல் தேய்ப்பது, பேசுவது, முதல் கவளத்தை மெல்லுவது, முகத்தில் ஃபேன் காற்று படுவது எல்லாமே தூண்டக்கூடியவை. தூக்கத்தில் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்ற வழக்கமான வலி மாத்திரைகள் எதுவும் செய்யாது.

காரணம் பெரும்பாலும் மூளையின் அடித்தண்டில் இருக்கிறது. நரம்பு அங்கே நுழையும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதன்மேல் உரசிக்கொண்டிருக்கும். மின்கம்பியின் மேலுறை தேய்ந்தது போல நரம்பின் உறை தேய்ந்துபோகிறது. தொடுகையைச் சுமக்கும் இழைகளிலிருந்து வலியைச் சுமக்கும் இழைகளுக்குச் செய்தி தாவுகிறது. அதனால்தான் ஒரு பஞ்சுத் தொடுகை பேரிடியாக மாறுகிறது.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. நல்ல பல் மருத்துவர்களே இவற்றில் விழுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் பொறி, மரத்துப்போகும் ஊசி. "இந்தப் பல்லுக்கு ஊசி போட்டுப் பார்ப்போம், வலி நின்றால் பல்தான் காரணம்" என்பது நல்ல சோதனை போலத் தோன்றும். ஆனால் நரம்பு நோயிலும் தூண்டும் இடம் மரத்தால் அடிகள் நின்றுவிடும். எனவே வலி நின்றது என்பது பலவீனமான சான்று. மறுபக்கம்தான் பலமானது: பல் முழுக்க மரத்த பிறகும் வலி அப்படியே இருந்தால் வலியின் ஊற்று அந்தப் பல்லில் இல்லை.

இரண்டாவது பொறி, நோய் தானே ஓய்வதுதான். ட்ரைஜெமினல் நியூரால்ஜியா, குறிப்பாகத் தொடக்கத்தில், வாரங்கள் முதல் மாதங்கள் வரை, சிலருக்கு வருடங்கள்கூட, தானாகவே அடங்கிக் கிடக்கும். ரூட் கெனால் செய்த வாரத்தில் இந்த ஓய்வு வந்துவிட்டால், சிகிச்சை வேலை செய்ததாக மருத்துவரும் நம்புவார், நோயாளியும் நம்புவார். திரும்பி வரும்போது அடுத்த பல்லைக் குற்றம் சொல்வார்கள். இப்படித்தான் ஒரே பக்கத்தில் மூன்று நான்கு பற்கள் போகின்றன.

இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. சிலருக்கு மின்னல் அடிகள் தொடங்குவதற்கு முன்னால் பல நாட்களோ மாதங்களோ மந்தமான, பல்வலி போன்ற ஒரு வலி இருக்கும். அந்தக் கட்டத்தில் யாராலும் நரம்பு என்று உறுதியாகச் சொல்ல முடியாது. செய்யக்கூடியது ஒன்றுதான்: காரணம் தெரியாத பல்லைத் தொடாமல், நோட்டில் எழுதிக்கொண்டு, இடைவெளி விட்டு மறுபடி சோதிப்பது.

நரம்பு என்று சந்தேகம் வந்தால் நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். முதலில் கொடுக்கப்படும் மருந்து, வலிப்பு நோய்க்கும் தரப்படும் கார்பமசெபின். வழக்கமாக 100 மில்லிகிராம் ஒரு நாளைக்கு இரண்டு வேளையாகத் தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை மெல்ல ஏற்றுவார்கள். பலருக்கு சில நாட்களிலேயே வலி பெரிதாகக் குறைகிறது. வலி மாத்திரைகளுக்கு அசையாத ஒரு "பல்வலி" வலிப்பு மருந்துக்கு அடங்குவது, நரம்புதான் காரணம் என்பதற்கு நல்ல அறிகுறி. ஆனால் இது வாங்கிப் போட்டுப் பார்க்கும் மருந்து கிடையாது. தலைசுற்றலும் தள்ளாட்டமும் வரும், ரத்தத்தில் சோடியம் குறையலாம், ரத்த அணுக்களையும் பார்க்க வேண்டியிருக்கும். ஆசிய வம்சாவளியினரில் சிலருக்கு இருக்கும் ஒரு மரபணு வகையால் தோல் உரியும் கொடிய ஒவ்வாமை வரக்கூடும், அதனால் தொடங்கும் முன் அந்தப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் காய்ச்சலோடு தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றைக்கே மருந்தை நிறுத்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றபடி திடீரென்று நிறுத்தக் கூடாது.

எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் ஒருமுறையாவது எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ரத்தக்குழாய் அழுத்துகிறதா என்று பார்ப்பது ஒன்று, கட்டியோ நரம்பு உறையை அழிக்கும் மல்டிபிள் ஸ்க்லீரோசிஸோ இல்லை என்று உறுதிசெய்வது அதைவிட முக்கியம். மருந்து போதாதவர்களுக்கு அந்த ரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கி நடுவே சின்ன மெத்தை வைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. வயதானவர்களுக்கு ஊசி வழியாகவோ கதிர் மூலமாகவோ செய்யும் எளிய வழிகளும் உண்டு.

ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்போம்

58 வயது அம்மா ஒருவர். வலப்பக்கம் மேல்தாடை, முன்கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று வருகிறார். அந்தப் பல்லில் ஆறு மாதத்துக்கு முன்பே ரூட் கெனால் ஆகியிருக்கிறது. இரண்டு மாதம் நன்றாக இருந்தது, பிறகு அதே வலி பக்கத்துப் பல்லுக்கு வந்துவிட்டது. "இதையும் செஞ்சிடுங்க டாக்டர், இல்லன்னா புடுங்கிடுங்க" என்கிறார்.

பல் மருத்துவர் கருவியை எடுக்காமல் கேட்கிறார்.

"அம்மா, ராத்திரி வலி எழுப்புதா?"

"இல்ல டாக்டர், படுத்தா நல்லா தூங்குறேன். காலைல பல்லு தேய்க்கத்தான் பயமா இருக்கு."

"பேஸ்ட் பட்டாலா, பிரஷ் பட்டாலா?"

"பிரஷ் பல்லுல படுறதுக்கு முன்னாடியே, உதடு இழுபடும்போதே சுரீர்னு கரண்ட் அடிச்ச மாதிரி. ஒரு செகண்ட்தான். முகம் கழுவினாலும் அப்படித்தான். ஒரு பக்கமா முகமே கழுவுறதில்ல இப்போ."

"மூக்கு அடைச்சிருந்துச்சா, சளி?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

குளிர்ச் சோதனையில் பக்கத்துப் பல் இயல்பாகப் பதில் சொல்கிறது. தட்டினால் வலி இல்லை, கடித்து விட்டாலும் வலி இல்லை. குனிந்தாலும் மாற்றமில்லை. பஞ்சுத் திரி மேலுதட்டின் ஓரத்தில் பட்டதும் அவர் முகத்தைச் சுளித்துக் கையால் மூடப் போகிறார், ஆனால் கன்னத்தைத் தொடாமல் கை நின்றுவிடுகிறது. இது கவனிக்க வேண்டிய செயல். பல்வலிக்காரர்கள் கன்னத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள், நரம்பு வலிக்காரர்கள் தங்கள் முகத்தைத் தாங்களே தொடப் பயப்படுவார்கள்.

இங்கே கணக்கு இப்படி வருகிறது. தூக்கத்தில் தொந்தரவில்லை, நொடிக்கணக்கில் அடி, தோல் தொடுகையால் தூண்டல், பற்கள் எல்லாச் சோதனையிலும் இயல்பு, சளி இல்லை. முன்பு செய்த ரூட் கெனால் தந்த இரண்டு மாத நிம்மதி, நோயின் இயல்பான ஓய்வாக இருக்கவே அதிக வாய்ப்பு. பல் மருத்துவர் இரண்டாவது பல்லைத் தொடாமல், கண்டதை ஒரு தாளில் எழுதி நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புகிறார். முகத்தின் இரு பக்கமும் உணர்ச்சி சமமாக இருக்கிறதா என்று பஞ்சாலும் மொட்டையான ஊசியாலும் பார்த்துவிட்டு அனுப்புகிறார். சமமாக இருக்கிறது, எனவே அவசரம் இல்லை. அங்கே எம்.ஆர்.ஐ.யும் சோடியம் அளவும் பார்த்துவிட்டு கார்பமசெபின் தொடங்குவார்கள். அவரது பழைய ரூட் கெனால் பல்லைத் திரும்பத் திறக்க வேண்டிய தேவை இல்லை.

இதே அம்மாவுக்குச் சில விஷயங்கள் வேறாக இருந்தால் பாதை மாறியிருக்கும். பஞ்சுக்கு வலி வராமல், மூன்று பற்கள் தட்டும்போது வலித்து, போன வாரம் சளி பிடித்திருந்தால், நான்காம் படிக்குப் போக வேண்டும். கடியை விடும்போது மட்டும் குத்தினால் முதல் படிக்கே திரும்ப வேண்டும்.

உடனே போக வேண்டிய அறிகுறிகள்

கன்னமோ உதடோ மரத்துப்போனால், அந்தப் பக்கம் காது கேட்பது குறைந்தால், வலி இரு பக்கமும் வந்தால், 40 வயதுக்குள் இருப்பவருக்கு மின்னல் அடி வலி தொடங்கினால், சாதாரண நியூரால்ஜியா என்று விட்டுவிடாமல் விரைவில் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்.

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது, கழுத்தை மடக்க முடியாத கடும் தலைவலி ஆகியவை சைனஸ் தொற்று பரவுவதைக் காட்டும். அன்றே மருத்துவமனை.

சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று. மூக்கிலிருந்து கறுத்த அல்லது ரத்தம் கலந்த ஒழுக்கு, மேலண்ணத்தில் கறுப்புத் திட்டு, கன்னம் மரத்தல், நன்றாக இருந்த மேல் பற்கள் திடீரென்று ஆடுதல்: இவை மியூகோர்மைகோசிஸ் என்ற பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது இந்தியாவில் கறுப்புப் பூஞ்சை என்ற பெயரில் பரவலாகப் பேசப்பட்டது இதுதான். மணிக்கணக்கில் பரவும், பல் மருத்துவரின் நேரத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.

நடந்தாலோ மாடி ஏறினாலோ தாடையில் வலி வந்து, நின்றால் தணிந்தால், அது இதயத்திலிருந்து வரும் வலியாக இருக்கலாம். வியர்வையோ நெஞ்சு இறுக்கமோ சேர்ந்தால் 108க்கு அழையுங்கள். 50 வயதைக் கடந்தவர்களுக்கு மெல்ல மெல்லத் தாடை சோர்ந்து வலித்து, நெற்றிப்பொட்டில் தொட்டால் வலியும் இருந்தால் ஒருவகை ரத்தக்குழாய் அழற்சி காரணமாக இருக்கலாம், அது கண் பார்வையைப் பறிக்கக்கூடியது, அதே நாளில் ரத்தப் பரிசோதனை வேண்டும்.

மருத்துவரிடம் எதைக் கேட்பது

நோட்டைக் கொண்டுபோங்கள். குளிர்ச் சோதனை, கடிப்புச் சோதனை, தட்டிப்பார்த்தல் மூன்றின் முடிவையும் பல் வாரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்து போகும் மருத்துவருக்கு அது உதவும். ரூட் கெனாலோ பல் பிடுங்குவதோ செய்யலாம் என்று சொன்னால், "எந்தச் சோதனையில் இந்தப் பல் மட்டும் மற்றப் பற்களிலிருந்து வேறாக வந்தது?" என்று கேளுங்கள். தெளிவான பதில் இருந்தால் சிகிச்சைக்குச் சம்மதிக்கலாம். "வலி அங்கேதானே இருக்கு" என்பது மட்டும் பதிலாக வந்தால், இரண்டு வாரம் பொறுத்து, சளி இருந்தால் அது அடங்கட்டும் என்று விட்டு, மறுபடி அதே சோதனைகளைச் செய்யச் சொல்லுங்கள். கூழ் கெட்ட பல்லாக இருந்தால் அந்த இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இடையில் கன்னம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் உடனே திரும்பிப் போங்கள்.